இரவில் மங்கலாக எரியும் பேட்டரி விளக்கு: பெல்ட்டா, டையோடா?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இரவு வேலைக்குப் போகிறவர்கள் பலரும் ஒரே சந்தேகத்தைக் கேட்கிறார்கள். செம்பனைக் காட்டின் நடுவே தெருவிளக்கு இல்லாத சாலையில் போகும்போது, மீட்டர் பலகையில் உள்ள பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு அணையும் தறுவாயில் இருக்கும் கரித்துண்டைப் போல மங்கலாகத் தெரிகிறது. காலையில் பார்த்தால் அது இல்லை. பட்டறைக்குக் கொண்டுபோனால் பெல்ட்டை இறுக்கிக் கொடுக்கிறார்கள். அன்றிரவே விளக்கு மீண்டும் தெரிகிறது. அடுத்த முறை பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். புதுப் பேட்டரி போட்ட பிறகும் விளக்கு போவதில்லை.

முழுப் பிரகாசத்தோடு எரியும் விளக்கும் மங்கலாக எரியும் விளக்கும் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. மங்கலான ஒளிக்குத் தனிப் பொருள் உண்டு. அந்தப் பொருளைப் புரிந்துகொண்டால், பெல்ட் வழுக்குகிறதா அல்லது இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்குள் டையோடு பழுதாகிவிட்டதா என்பதை ஒரு சாதாரண மல்ட்டிமீட்டரைக் கொண்டு வீட்டு வாசலிலேயே பெரும்பாலும் பிரித்தறிந்துவிடலாம்.

## விளக்கு எதை அளக்கிறது

இந்த விளக்கு பேட்டரியின் நிலையைக் காட்டுகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அது எதையும் அளப்பதில்லை. பழைய கார்களில் இது இரண்டு முனைகளுக்கு நடுவே தொங்கும் ஒரு சிறு இழை பல்பு, அவ்வளவுதான். அதன் ஒரு முனைக்குப் பேட்டரியின் மின்சாரம் சாவி சுவிட்சு வழியாக வருகிறது. மறுமுனை ஆல்டர்னேட்டரில் 'எல்' அல்லது 'டி பிளஸ்' என்று பொறிக்கப்பட்ட சிறிய முனையோடு இணைகிறது. இக்கட்டுரையில் அதை விளக்கு முனை என்றே குறிப்பிடுவோம்.

இஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பும்போது பேட்டரிப் பக்கம் ஏறத்தாழ 12 வோல்ட் இருக்கிறது. விளக்கு முனையிலோ ஒன்றிரண்டு வோல்ட்தான். வேறுபாடு பெரிது என்பதால் பல்பு நன்றாக எரிகிறது. பல்பின் வழியே பாயும் அந்தச் சிறு மின்னோட்டம், 3 வாட் பல்பானால் கால் ஆம்பியர் அளவு, ஆல்டர்னேட்டரின் சுழலும் காந்தச் சுருளுக்குப் போய் முதல் காந்தத்தை உண்டாக்குகிறது. இஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் தன் காந்தச் சுருளுக்கான மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ள, விளக்கு முனையும் 14 வோல்ட் அளவுக்கு ஏறிவிடுகிறது. பேட்டரிப் பக்கமும் 14 வோல்ட், ஆல்டர்னேட்டர் பக்கமும் 14 வோல்ட். இருபுறமும் சமமானால் பல்பின் வழியே மின்சாரம் பாய வழியில்லை, ஆகவே அது அணைகிறது.

பல்பு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: என் இரு முனைகளும் சமமாக இல்லை. வேறுபாடு 12 வோல்ட்டாக இருந்தால் அது பளிச்சென்று எரியும். ஒன்றரை அல்லது இரண்டு வோல்ட் மட்டுமே என்றால் இழை இலேசாகச் சிவக்கும். எந்த முனை தாழ்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது, ஏனெனில் இழை பல்புக்கு மின்சாரம் எந்தத் திசையில் பாய்ந்தாலும் ஒன்றுதான். பெல்ட்டையும் டையோடையும் பிரித்துக் காட்டும் செய்தி அந்தத் திசையில்தான் இருக்கிறது. அதை நாம் மீட்டரைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும்.

மீட்டர் பலகைப் பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. போட்டுக்கொள்ளும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. இந்த ஒரு விளக்குக்கு மட்டும் அதைச் செய்யக் கூடாது. எல்.ஈ.டி. ஒரு திசையில் மட்டுமே எரியும் என்பதால் பாதிப் பழுதுகளை மறைத்துவிடும். தொடக்கக் காந்தத்துக்கு வேண்டிய மின்னோட்டத்தையும் அது விடாது.

## ஏன் இரவில் மட்டும்

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. முதலாவது வெறும் கண் சார்ந்தது. இலேசாகச் சிவந்த இழையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க முடியாது. பல நேரங்களில் விளக்கு வாரக்கணக்காகப் பகலிலும் எரிந்துகொண்டிருக்கும். ஒரு கறுப்புத் துணியால் மீட்டர் பலகையை மூடி, உள்ளங்கையைக் குவித்து உள்ளே பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இரண்டாவது காரணம் சுமை. முகப்பு விளக்குகள் இரண்டும் 55 வாட் வீதம் 110 வாட், அதாவது ஏறத்தாழ 9 ஆம்பியர். அதோடு பின்விளக்கு, ஏர்கோன் காற்றாடி, ரேடியேட்டர் விசிறி, மழையென்றால் வைப்பர் என்று எல்லாம் சேரும்போது தேவை 30 ஆம்பியரை நெருங்கிவிடும். பகலில் குறைந்த சுமையோடு ஓடும்போது பழுதான ஆல்டர்னேட்டர்கூடச் சமாளித்துவிடும். சுமை ஏறும்போதுதான் அதன் பலவீனம் வோல்ட் வேறுபாடாக வெளிப்படுகிறது.

ஆகவே முதல் சோதனைக்கு மீட்டரே வேண்டாம். பகலில் துணியால் மூடிப் பாருங்கள், பிறகு முகப்பு விளக்கையும் காற்றாடியையும் போட்டுவிட்டு மீண்டும் பாருங்கள். இரண்டு நிலையிலும் ஒளி ஒரே அளவில் இருக்கிறதா, சுமையோடு கூடுகிறதா என்று குறித்துவைத்துக்கொண்டால் பின்னர் பயன்படும்.

## பெல்ட் வழுக்கும்போது நடப்பது

ஆல்டர்னேட்டரின் புல்லி இஞ்சின் புல்லியைவிடச் சிறியது. அதனால் அது இஞ்சினைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் சுழல்கிறது. சுமை கூடும்போது காந்தம் வலுப்பெற்று, ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது கடினமாகிறது. பெல்ட் தளர்ந்தோ, பக்கங்கள் பளபளப்பாகித் தேய்ந்தோ, எண்ணெய் பட்டோ இருந்தால் அந்தக் கடினத்தைத் தாங்காமல் புல்லியின்மேல் வழுக்கும். வேகம் குறைந்ததும் விளக்கு முனையின் வோல்ட் விழுகிறது. பேட்டரியோ தன் சொந்த இருப்பைக் கொண்டு 12 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். இங்கே தாழ்ந்த முனை ஆல்டர்னேட்டர் பக்கம்.

வழுக்கல் ஒரே சீராக நடப்பதில்லை, பிடித்தும் விட்டும் நடக்கிறது. அதனால் விளக்கும் துடிக்கும். கிளப்பிய முதல் சில விநாடிகளிலும், திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும், மழைத் தண்ணீர் பட்டவுடனும் அது கூடுதலாகத் தெரியும். கூடவே 'கீச்' என்ற சத்தம் கேட்கும். பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது என்பதால் இஞ்சின் சூடு ஏறுவதும் ஒரு துணைச் சான்று. செம்மண் சாலையில் ஓடும் கார்களில் புழுதி பெல்ட்டின் பக்கங்களைத் தேய்த்துவிடுகிறது. ஆப்பு வடிவப் பெல்ட் புல்லிப் பள்ளத்தின் பக்கச் சுவர்களைத்தான் பிடிக்க வேண்டும். தேய்ந்து கீழிறங்கிப் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டால், எவ்வளவு இறுக்கினாலும் அது பிடிக்காது. பள்ளத்தின் அடிப்பகுதி கண்ணாடிபோல் மின்னினால் பெல்ட் அங்கே உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அதை இறுக்குவது பேரிங்கைக் கெடுப்பதில்தான் முடியும்.

ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். இலேசான வழுக்கலில் விளக்கு எரியாமலே போகலாம், ஏனெனில் ஆல்டர்னேட்டர் கொஞ்சம் வேகம் இழந்தாலும் காந்தத்தைக் கூட்டிக் குறைத்து வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் அதை ஈடுகட்டிவிடும். விளக்கு எரியவில்லை என்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

## டையோடு பழுதானால் நடப்பது

ஆல்டர்னேட்டரின் நிலையான சுருள்கள் மூன்று. அவற்றில் உண்டாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். பேட்டரிக்கு ஒரே திசையில் பாயும் மின்சாரம்தான் வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்வது டையோடு. நீரை ஒரு பக்கம் மட்டும் விடும் மடையைப் போல, டையோடு மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிறது. ஒவ்வொரு சுருளுக்கும் பிளஸ் பக்கம் ஒன்று, மைனஸ் பக்கம் ஒன்று என்று ஆறு பெரிய டையோடுகள் பேட்டரிக்கும் காரின் மற்றத் தேவைகளுக்கும் மின்சாரம் தருகின்றன. இவற்றோடு, பல பழைய ஆல்டர்னேட்டர்களில், காந்தச் சுருளுக்கும் விளக்கு முனைக்கும் மட்டும் மின்சாரம் தரும் மூன்று சிறிய டையோடுகள் தனியாக இருக்கும்.

விளக்கு முனையும், பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் வெளியீட்டு முனையும் ஒரே சுருள்களிலிருந்து இரண்டு வெவ்வேறு டையோடு வழிகளில் மின்சாரம் பெறுகின்றன. இரண்டு வழிகளும் நலமாக இருந்தால் இரு முனைகளும் சமம். ஒரு வழியில் மட்டும் டையோடு போனால் சமநிலை குலைகிறது. பெல்ட் வழுக்கினால் இரண்டு வழிகளுக்கும் ஆதாரமான சுழற்சியே குறைகிறது. டையோடு போனாலோ சுழற்சி சரியாக இருக்கும்போதே ஒரு வழி மட்டும் மற்றதைவிடத் தாழ்கிறது. இதனால்தான் டையோடு பழுதில் விளக்கு துடிப்பதில்லை, சத்தமும் கீச்சிடுவதில்லை. மங்கலாக, அமைதியாக, மணிக்கணக்கில் ஒரே மாதிரி எரிகிறது.

பழுது இரண்டு வகைப்படும். டையோடு முற்றிலும் மின்சாரத்தை விடாமல் துண்டித்துப்போவது ஒன்று, இரு திசையிலும் விட்டுவிடுவது மற்றொன்று.

1. பெரிய பிளஸ் டையோடு ஒன்று துண்டித்துப்போனால், வெளியீடு இரண்டு சுருள்களின் பலத்தில் மட்டும் ஓடும். சிறிய டையோடுகள் மூன்றும் நலமாக இருப்பதால் விளக்கு முனை உயர்ந்தே நிற்கும். பேட்டரிப் பக்கம் தாழும். சுமை கூடக் கூட, சில நேரம் இஞ்சின் வேகம் கூடக் கூடவும், வேறுபாடு வளரும்.

2. சிறிய டையோடு ஒன்று துண்டித்துப்போனால் நேர்மாறாக, விளக்கு முனை தாழும். பேட்டரி அளவு ஏறத்தாழச் சரியாகவே இருக்கும். கார் நன்றாகக் கிளம்புவதால் பலர் இதை மாதக்கணக்கில் பொருட்படுத்துவதில்லை.

3. பெரிய பிளஸ் டையோடு இரு திசையிலும் விடத் தொடங்கினால், கார் நின்ற பிறகும் பேட்டரியின் மின்சாரம் அதன் வழியே சுருளுக்குள் புகுந்து, சிறிய டையோடு வழியாக விளக்கு முனைக்கு வந்துவிடும். சாவியை எடுத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிவதும், சாவியைத் திருப்பும்போது எரிய வேண்டிய விளக்கு எரியாமல் இருப்பதும் இதன் தெளிவான அடையாளங்கள். காந்தச் சுருளும் இரவெல்லாம் மின்சாரம் குடிக்கும் என்பதால் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும். கார் நின்று வெகுநேரம் ஆன பின்னும் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். இந்த நிலையில் காரை நிறுத்தும்போது பேட்டரியின் மைனஸ் கம்பியைக் கழற்றிவைப்பது நல்லது.

4. மைனஸ் பக்க டையோடு இரு திசையிலும் விட்டால், ஓடும்போது ஆல்டர்னேட்டர் உறுமும், வெளியீடு வெகுவாக விழும். அளவுகளை மட்டும் பார்த்தால் இது பெல்ட் வழுக்கலைப் போலவே தோன்றும். உறுமலும் இறுக்கமான பெல்ட்டும்தான் இதைப் பிரித்துக் காட்டும்.

## ஓர் அளவில் பிரித்தறிவது

மல்ட்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை ஆல்டர்னேட்டரின் விளக்கு முனையிலும், கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் வைத்து, இஞ்சின் ஓட, முகப்பு விளக்கும் காற்றாடியும் எரிய, டி.சி. எனப்படும் நேர்மின் வோல்ட் அளவில் படிக்க வேண்டும். விளக்குக் கம்பியைக் கழற்றக் கூடாது. பிளக்கின் பின்பக்கமாக ஒரு மெல்லிய ஊசியை நுழைத்து அதைத் தொடலாம். சுழலும் பெல்ட்டுக்கு அருகே கை போகிறது என்பதால் நீண்ட கைச்சட்டையை மடித்துவிட்டு, கம்பிகளை இஞ்சின் நிற்கும்போதே பொருத்திக்கொண்டு பிறகு கிளப்புங்கள்.

இப்போது மீட்டர் காட்டுவது பல்பின் இரு பக்க வேறுபாடேதான், ஆனால் திசையோடு. பேட்டரியின் சொந்த அளவையும் தனியாக ஒருமுறை எடுத்துக்கொண்டால் நான்கு வழிகள் பிரிகின்றன.

அளவு மைனஸ் குறியோடு வந்து, பேட்டரியும் 12.6-க்குக் கீழே இருந்தால், ஆல்டர்னேட்டருக்குச் சுழற்சியோ காந்தமோ போதவில்லை. முதலில் பெல்ட்டையும், அது சரியென்றால் சுழலும் காந்தச் சுருளுக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்களையும், உறுமல் கேட்டால் மைனஸ் பக்க டையோடையும் பார்க்க வேண்டும். மைனஸ் குறி வந்தாலும் பேட்டரி 13.8-க்கு மேல் நலமாக இருந்தால் சந்தேகம் சிறிய டையோடுகள்மீது போகிறது. பிளஸ் குறியோடு ஒரு வோல்ட்டுக்கு மேல் வந்தால், ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது, அது செய்த மின்சாரம்தான் முழுதாக வந்து சேரவில்லை. பெல்ட் குற்றவாளி அல்ல என்பது அப்போதே உறுதி. பெரிய டையோடு ஒன்று, அல்லது ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் தடித்த கம்பி, இரண்டில் ஒன்றுதான் காரணம். அளவு ஏறத்தாழ பூஜ்யமாக இருந்தும் விளக்கு எரிந்தால், பழுது சாவி சுவிட்சிலோ அதற்கு வரும் ஃபியூஸ் தொடர்பிலோ இருக்கிறது. அங்கே வோல்ட் விழுவதால் பல்பின் பேட்டரிப் பக்க முனை மட்டும் தாழ்கிறது.

தடித்த கம்பியா, டையோடா என்பதைப் பிரிக்க இன்னும் இரண்டு அளவுகள் போதும். ஆல்டர்னேட்டரின் வெளியீட்டுப் போல்ட்டுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவே, சுமையோடு, 0.3 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் கம்பியிலோ அதன் முனையிலோ பச்சைப் பூத்த துரு இருக்கும். விழவில்லை என்றால் மீட்டரை ஏ.சி. எனப்படும் மாறுமின் அளவுக்கு மாற்றி, பேட்டரியின் இரு முனைகளில் வைத்துப் பார்க்க வேண்டும். டையோடுகள் நலமென்றால் 0.1 வோல்ட் அளவில் இருக்கும். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஏதோ ஒரு டையோடு தன் பங்கைச் செய்யவில்லை.

இந்தக் கடைசி அளவில் ஒரு பொறி இருக்கிறது. மலிவான மீட்டர்கள் சில, மாறுமின் அளவில் வைத்தாலும் பேட்டரியின் நேர்மின்னையும் சேர்த்துக்கொண்டு 26, 28 என்று தவறாகக் காட்டும். இஞ்சினை அணைத்துவிட்டு முதலில் ஒருமுறை பாருங்கள். அப்போது பூஜ்யம் வராவிட்டால் அந்த மீட்டர் இந்தச் சோதனைக்கு உதவாது.

## ஒரு கார், படிப்படியாக

செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு வேலை பார்க்கும் ஒருவரின் கார்பரேட்டர் காலத்துக் கார். மூன்று வாரங்களாக இரவில் மட்டும் மங்கலான சிவப்பு. பெல்ட் புதிதாக மாற்றியாகிவிட்டது. "பெல்ட்டு மாத்தியும் லைட்டு போகல அண்ணே, பேட்டரியையும் மாத்திடவா?" என்பதே அவர் கேட்டது. ஒரு மாதத்துக்கு முன் பேட்டரி இறங்கியபோது, தோட்டத்து லாரியிலிருந்து கம்பி போட்டுக் கிளப்பியதாகவும் சொன்னார்.

சாவியைத் திருப்பியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது, எடுத்ததும் முழுதாக அணைந்தது. ஆகவே பிளஸ் டையோடு இரு திசையிலும் விடவில்லை. கார் நிற்கும்போது பேட்டரி 12.5 வோல்ட். சுமை இல்லாமல் கிளப்பியபோது 13.7. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், முன்பு பார்த்தவர்களும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். முகப்பு விளக்கும் காற்றாடியும் போட்டதும் 12.6-க்கு இறங்கியது. இஞ்சின் வேகத்தைக் கூட்டியும் 12.7-க்கு மேல் ஏறவில்லை. வழுக்கும் பெல்ட்டானால் கூட்டும்போது கீச்சிட்டிருக்கும், அளவும் தள்ளாடியிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் திருப்ப முயன்றபோது பெல்ட் அதை அசையவிடவில்லை.

பிறகு திசை பார்க்கும் அளவு. சிவப்பு விளக்கு முனையில், கறுப்பு பேட்டரி பிளஸ்ஸில், சுமையோடு: பிளஸ் 1.7 வோல்ட். அதாவது விளக்கு முனை 14.3-இல் உறுதியாக நிற்கிறது, பேட்டரிதான் தாழ்ந்திருக்கிறது. இந்த ரெகுலேட்டர் விளக்கு முனையின் வோல்ட்டைப் பார்த்தே காந்தத்தைக் கட்டுப்படுத்தும் வகை. அங்கே 14.3 கிடைத்துவிட்டதால், எல்லாம் நலம் என்று கருதிக் காந்தத்தை வலுப்படுத்த மறுத்துவிட்டது. பேட்டரி பட்டினி கிடந்ததன் காரணம் இதுதான். தடித்த கம்பியில் வீழ்ச்சி 0.1 வோல்ட் மட்டுமே. மாறுமின் அளவு 0.7.

ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பிரித்தபோது, பிளஸ் தட்டில் பதிந்திருந்த மூன்று டையோடுகளில் நடுவிலிருந்ததன் கம்பி கருகிய பழுப்பு நிறத்தில் இருந்தது. நகத்தால் தொட்டதும் அசைந்தது. சுருளின் இணைப்பைச் சூடேற்றி விலக்கிவிட்டு மீட்டரின் டையோடு அளவில் பார்த்தபோது, மற்ற இரண்டும் ஒரு திசையில் 0.5 வோல்ட் அளவும் மறுதிசையில் ஒன்றுமில்லாமலும் காட்டின. நடுவிலிருந்தது இரு திசையிலும் ஒன்றும் காட்டவில்லை. லாரி 24 வோல்ட் வண்டி, கார் 12 வோல்ட். டையோடு எரிந்ததற்கு அந்தக் கம்பி இணைப்பே காரணம் என்று உறுதியாக நிறுவ முடியாது. ஆனால் 24 வோல்ட்டைக் கொடுப்பதும், பிளஸ் மைனஸ் மாற்றி இணைப்பதும், ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க இஞ்சின் ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றுவதும் டையோடுகளைக் கொல்லும் வழிகள். கடைசியில் சொன்னது நம் ஊர்களில் இன்றும் ஒரு சோதனையாகவே நடக்கிறது. பேட்டரி விலகிய நொடியில் எழும் மிகை வோல்ட் ரெகுலேட்டரையும் சேர்த்து அழித்துவிடும். அந்தச் சோதனையைச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள்.

டையோடுத் தட்டு முழுதும் மாற்றப்பட்டது. ஒரே ஒரு டையோடை மட்டும் மாற்றுவது முடியாததல்ல. ஆனால் அதே சூட்டைத் தாங்கிய மற்ற ஐந்தும் எவ்வளவு நாள் வரும் என்று சொல்ல முடியாது. மாற்றிய பின் அதே சுமையில் பேட்டரி 14.0, திசை அளவு 0.1, மாறுமின் அளவு 0.05.

## எல்லாக் கார்களுக்கும் பொருந்துமா

பொருந்தாது. மேலே சொன்னது சிறிய டையோடுகள் மூன்று உள்ள ஆல்டர்னேட்டருக்கும் இழை பல்புக்கும் உரியது. பல ஜப்பானிய வகை ஆல்டர்னேட்டர்களில் சிறிய டையோடுகளே இல்லை. ரெகுலேட்டருக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று விளக்கைப் போட்டு அணைக்கிறது. அவற்றில் பெரிய டையோடு ஒன்று போனாலும் விளக்கு அணைந்தே இருக்கலாம். அங்கே மாறுமின் அளவுதான் நம்பத்தக்க சான்று. மங்கலான ஒளி தெரிந்தால் ரெகுலேட்டரையும் அதன் பிளக்கையும் முதலில் பார்க்க வேண்டும். அண்மைக் காலக் கார்களில் விளக்கை இயக்குவது கணினி. அதற்கு எரிவதும் அணைவதும் தவிர இடைநிலை இல்லை. பேட்டரி அளவைச் சுமையோடு மீட்டரில் பார்ப்பதைத் தவிர அந்தக் கார்களில் முன்கூட்டியே அறியும் வழி குறைவு. ஆல்டர்னேட்டர் எந்த வகை என்று தெரியாவிட்டால், அதைக் கழற்றிப் பழுதுபார்க்கும் கடையில் கேட்கலாம். முதுகு மூடியைத் திறந்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.